சாப்பிடும் நேரத்தில் மட்டும் வீங்கும் தாடை

கேள்வி: பெகுவில் டீக்கடை வைத்திருக்கிறேன், வயது 43. மூன்று மாதமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே வலது தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, விண்ணென்று தெறிக்கிறது. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். போன வாரம் காய்ச்சலும் வந்து, வீக்கம் வடியவே இல்லை. மருந்துக் கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாள் சாப்பிட்டதும் குறைந்தது. இப்போது சாப்பிடும்போது மறுபடியும் வீங்குகிறது. இது கிருமியா, கல்லா?

பதில்: இரண்டும்தான், ஐயா. கல் முதலில் வந்திருக்க வேண்டும், கிருமி அதன் பின்னால் வந்தது. வீக்கம் வந்துபோகும் நேரமே இதைச் சொல்கிறது.

தாடைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக எச்சில் சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் எச்சில், ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியாக மேல்நோக்கி ஏறி நாக்கின் அடியில் வந்து விழுகிறது. இந்தச் சுரப்பியின் எச்சில் கொஞ்சம் கொழகொழப்பானது, சுண்ணாம்புச் சத்தும் அதிகம். கெட்டியான எச்சில், நீளமான குழாய், அதிலும் ஏற்றமான வழி. எச்சில் கற்களில் பத்துக்கு எட்டு இந்தச் சுரப்பியில் உண்டாவது அதனால்தான். நாளெல்லாம் அடுப்படியில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு எச்சில் இன்னும் கெட்டிப்படும்.

மொஹிங்காவில் எலுமிச்சையைப் பிழிந்து ஒரு வாய் வைத்ததும் எச்சில் பெருகும். வழியில் கல் இருந்தால் வெளியேற இடமில்லாமல் சுரப்பி உப்பிவிடும். பிறகு எச்சில் கல்லின் ஓரமாகக் கசிந்து போக, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீக்கம் வடியும். கிருமி மட்டும் என்றால் இப்படிச் சாப்பாட்டு நேரம் பார்த்து வராது. அந்த வீக்கம் நாள் முழுக்க நிற்கும். காய்ச்சல் இருக்கும், தொட்டால் வலிக்கும், மேல்தோல் சிவக்கும், வாயில் கெட்ட சுவை வரும். போன வாரம் உங்களுக்கு நடந்தது அதுதான். தேங்கிய எச்சிலில் கிருமி பெருகிவிட்டது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொன்றது, ஆனால் கல்லைக் கரைக்க அதனால் முடியாது. அடைப்பு அப்படியே இருப்பதால்தான் வீக்கம் திரும்பி வருகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்து, நாக்கை மேலே தூக்குங்கள். நடுவில் இருக்கும் நரம்பு போன்ற மடிப்பின் இரு பக்கமும் கடுகளவு மேடு ஒவ்வொன்று தெரியும். குழாயின் வாய் அதுதான். சுத்தமான துணியால் அந்த இடத்தை ஒற்றிவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டு, தாடையின் அடியில் மெதுவாக அழுத்துங்கள். இடது பக்கம் தெளிந்த எச்சில் துளிர்க்கும். வலது பக்கம் ஒன்றுமே வராவிட்டால் அடைப்பு. கலங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் சீழ். மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தால் கல்லே வாசலில் நிற்கிறது என்று பொருள். ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், நகத்தால் நோண்டவும் வேண்டாம். கல் உள்ளே நழுவிவிட்டால் எடுப்பது கடினம்.

அடுத்து ரங்கூனில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு விரலை வாய்க்குள்ளும் ஒரு கையைத் தாடைக்கு அடியிலும் வைத்துத் தடவியே பல கற்களைக் கண்டுபிடித்துவிடுவோம். அப்புறம் அல்ட்ராசவுண்ட். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கல்லே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஐந்தில் ஒரு கல் அதில் தெரியாது. கல் குழாயின் முன்பகுதியில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். சுரப்பிக்குள் ஆழமாகப் பெரிய கல் இருந்து, திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால்தான் சுரப்பியையே எடுக்க வேண்டி வரும். உதட்டோரத்தை அசைக்கும் நரம்பும் நாக்குக்குப் போகும் நரம்புகளும் பக்கத்திலேயே ஓடுவதால் அதற்கு அவசரப்பட மாட்டோம்.

அதுவரை தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, தாடையின் பின்புறத்திலிருந்து முகவாய் பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள். சின்னக் கல் இப்படியே வெளியே வந்துவிடுவதும் உண்டு. காய்ச்சல் இல்லாதபோது புளிப்பு மிட்டாய் சப்பலாம், வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். சளி, அரிப்புக்கான மாத்திரைகள் சில வாயை வறட்டும், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் கடையில் மருந்து வாங்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நாக்கின் அடி இரு பக்கமும் வீங்கி நாக்கு மேலே தள்ளினாலும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தாலும், மூச்சு முட்டினாலும், வாய் திறக்கவே வராவிட்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்து அது.

கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: குன்யா போடும் பழக்கம் உண்டா? சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல், வலியும் இல்லாமல், கெட்டியான கட்டி மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது கல்லின் கதை அல்ல. வெற்றிலை பாக்கு மெல்லுபவர் என்றால் வாய்க்குள் முழுதும் பார்த்து, அந்தக் கட்டியில் ஊசியால் எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும்.