தேதி அடிக்க ஒரு ஷார்ட்கட்: ஆனால் எதில்?

*“ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இன்றைய தேதியை அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே தட்டில் தேதி விழுகிற மாதிரி ஏதாவது ஷார்ட்கட் இருக்கிறதா? நீளமான விளக்கம் வேண்டாம், கீயை மட்டும் சொன்னால் போதும்.”*

கீயை மட்டும் சொல்ல ஆசைதான். முன்பு ஒருமுறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதே கேள்வியைப் போனில் கேட்டவரிடம், நோட்பேடை மனதில் வைத்துக்கொண்டு “F5 தட்டுங்கள்” என்றேன். அவர் இருந்தது பிரவுசரில், நீளமான ஒரு படிவத்தைப் பாதிக்கு மேல் நிரப்பிய நிலையில். பிரவுசரில் F5 என்றால் பக்கத்தை மறுபடி ஏற்று என்று அர்த்தம். நிரப்பியது எல்லாம் போயிற்று. நான் சொன்ன கீ தப்பில்லை. அவர் இருந்த இடம்தான் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு கீயையே பாருங்கள். விண்டோஸ் நோட்பேடில் F5 தட்டினால் நேரமும் தேதியும் விழும். வேர்டில் தட்டினால் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பெட்டி திறக்கும். எக்செலிலும் கிட்டத்தட்ட அதே பெட்டிதான். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ ஓட ஆரம்பித்துவிடும். சில லேப்டாப்களில் இது எதுவுமே நடக்காமல் திரை வெளிச்சமோ கீபோர்டு விளக்கோ மாறும். அங்கே Fn கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஷார்ட்கட் என்பது தேதிக்கு உரியது அல்ல, அந்த நேரத்தில் முன்னால் திறந்திருக்கும் மென்பொருளுக்கு உரியது.

சரி, நீங்கள் சொல்லாததை நான் ஊகிக்கிறேன். ஒரு நாளில் ஐம்பது தடவை ஒரே தேதியை அடிப்பவர் பெரும்பாலும் ஏதோ பதிவேடு போடுகிறவராக இருப்பார். வரிசைக்கு ஒரு பதிவு, முதல் கட்டத்தில் தேதி. அப்படியென்றால் அது விரிதாள், அநேகமாக எக்செல். விண்டோஸில் எக்செல் என்றால் உங்கள் விடை `Ctrl` உடன் அரைப்புள்ளி, அதாவது `Ctrl + ;`. கட்டத்தில் நின்று அதை அழுத்தினால் இன்றைய தேதி விழும், Enter தட்டினால் முடிந்தது. பத்து எழுத்து அடிக்கிற இடத்தில் மூன்று கீ. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் விண்டோஸில் இதே கீதான்.

மேக் என்றால் இங்கேயே வழி பிரிகிறது. மேக்கில் `Control` என்று ஒரு கீ, `⌘` குறி போட்ட கமாண்ட் கீ என்று இன்னொன்று. எக்செலில் `Control + ;` அழுத்தினால்தான் தேதி. `⌘ + ;` அழுத்தினால் தேதிக்குப் பதில் நேரம் விழும். அதே மேக்கில் பிரவுசரைத் திறந்து கூகுள் ஷீட்ஸுக்குப் போனால் `⌘ + ;` தேதியைத் தரும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே விரல்கள், மென்பொருள் மட்டும் வேறு. “நான் மேக் வைத்திருக்கிறேன்” என்று மட்டும் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதாது என்பது இதனால்தான்.

எதில் வேலை செய்கிறோம் என்றே சிலருக்குக் குழப்பம் வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, விரிதாள்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான். கட்டங்களுக்கு மேலே இணைய முகவரிப் பட்டை தெரிந்தால் நீங்கள் இருப்பது பிரவுசரில். அப்போது F5 பக்கம் விரலே போகக் கூடாது. முகவரிப் பட்டை இல்லையென்றால் ஜன்னலின் உச்சியில் கோப்பின் பெயர் பக்கத்திலோ உதவி மெனுவிலோ மென்பொருளின் பெயர் இருக்கும். கம்ப்யூட்டர் எது என்பதற்குக் கீபோர்டின் கீழ் வரிசையைப் பாருங்கள்: நான்கு சதுரம் போட்ட ஜன்னல் குறி இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ், `⌘` இருந்தால் மேக். விண்டோஸில் எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டுமானால் ஜன்னல் குறியுடன் R அழுத்தி, வரும் பெட்டியில் `winver` என்று அடித்து Enter தட்டினால் காட்டிவிடும்.

எக்செல் என்றே வைத்துக்கொண்டு ஒரு நாள் வேலையைப் பார்ப்போம். A2 முதல் A41 வரை நாற்பது வரிகளுக்கும் இன்றைய தேதியே வேண்டும். ஒவ்வொன்றிலும் போய் `Ctrl + ;` அழுத்துவது அடிப்பதைவிட மேல், அவ்வளவுதான். A2 முதல் A41 வரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தேர்வைக் கலைக்காமல் `Ctrl + ;` அழுத்துங்கள்; முதல் கட்டத்தில் மட்டும் தேதி தெரியும். இப்போது வெறும் Enter தட்டாமல் `Ctrl + Enter` தட்டினால் நாற்பது கட்டத்திலும் விழுந்துவிடும். பலர் செய்வது முதல் கட்டத்தில் தேதியைப் போட்டுவிட்டு அதன் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுப்பது. அப்படி இழுத்தால் எக்செல் அதைத் தொடர் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாளைக் கூட்டிவிடும். நாற்பதாவது வரியில் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வந்து நிற்கும். பதிவுகள் ஒவ்வொன்றாக, நேரம் விட்டு நேரம் வருகின்றன என்றால் மேல் கட்டத்தை அப்படியே கீழே இறக்க `Ctrl + D` போதும், அது கூட்டாது.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் `=TODAY()` போடச் சொல்வார்கள். பதிவேட்டுக்கு அது ஆகாது. அந்தச் சூத்திரம் எழுதிய நாளைச் சொல்வதில்லை, பார்க்கிற நாளைச் சொல்கிறது. நாளைக்குக் கோப்பைத் திறந்தால் இன்றைய நாற்பது பதிவும் நாளைய தேதியில் இருக்கும், பழைய தேதியைத் திரும்பக் கொண்டுவர வழியும் இருக்காது. கட்டத்தில் நின்று மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே தேதியே தெரிந்தால் நிலையானது. சமக்குறியோடு ஆரம்பித்தால் மாறக்கூடியது.

நேற்றைய பதிவு விட்டுப்போயிருந்தால் `Ctrl + ;` உதவாது, அதற்கு இன்று மட்டும்தான் தெரியும். ஆனால் முழுத் தேதியும் அடிக்க வேண்டியதில்லை. நாளையும் மாதத்தையும் மட்டும் அடித்தால் நடப்பு ஆண்டை எக்செலே சேர்த்துக்கொள்ளும். ஜனவரி முதல் வாரத்தில் டிசம்பர் பதிவு போடும்போது மட்டும் ஆண்டையும் சேர்த்து அடியுங்கள்.

அப்படிக் கையால் அடிக்கும்போது நாள் முன்னா மாதம் முன்னா என்ற சிக்கல் வரும். இதை எக்செல் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பு முடிவு செய்கிறது. மாதம் முன்னால் வருகிற அமைப்பில் நீங்கள் 13-5-2024 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உண்மையான தேதி தானாக வலப்பக்கம் ஒட்டும். மோசமானது 5-6-2024 போன்றது. ஜூன் ஐந்தை மே ஆறு என்று எடுத்துக்கொண்டு சமர்த்தாக வலப்பக்கம் நிற்கும், கண்ணில் படவே படாது. கீ அழுத்திப் போடும் தேதியில் இந்தத் தொல்லை இல்லை.

என் ஊகம் தப்பி, நீங்கள் வேர்டில் கடிதம் அடிப்பவர் என்றால் விடை மாறிவிடும். விண்டோஸ் வேர்டில் `Alt + Shift + D`. ஆனால் அது போடுவது `=TODAY()` போலவே மாறுகிற தேதி. இன்று அடித்து அனுப்பிய கடிதத்தை அடுத்த மாதம் திறந்து அச்சடித்தால் அடுத்த மாதத் தேதியோடு வரும். எந்த நாளில் எழுதினோம் என்பதே முக்கியமான கடிதத்தில் இது வம்பு. தேதி மேல் கிளிக் செய்தால் பின்னால் சாம்பல் நிறம் தெரிந்தால் அது மாறுகிற வகை. கர்சரை அதில் வைத்தபடி `Ctrl + Shift + F9` அழுத்தினால் சாதாரண எழுத்தாக உறைந்துவிடும். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு இதை அழுத்த வேண்டாம். பொருளடக்கம், மேற்கோள் எண் எல்லாமே சேர்ந்து உறைந்து, அப்புறம் புதுப்பிக்க வராது. கூகுள் டாக்ஸில் என்றால் கீ தேவையில்லை, `@today` என்று அடித்து Enter தட்டினால் போதும்.

எக்செல், பிரவுசர் படிவம், மெயில் என்று மாறி மாறி எல்லா இடத்திலும் தேதி அடிக்கிறவர் என்றால், கம்ப்யூட்டர் விண்டோஸாக இருந்தால், ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். கீழே உள்ளதை `.ahk` என்று முடியும் கோப்பாகச் சேமித்து இரட்டைக் கிளிக் செய்தால், அதன் பிறகு எங்கே `]dt` என்று அடித்தாலும் அது தேதியாக மாறும்.

```
#Requires AutoHotkey v2.0
:*:]dt::
{
    SendText(FormatTime(, "dd-MM-yyyy"))
}
```

`MM` இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய `mm` போட்டால் மாதத்துக்குப் பதில் நிமிடம் வரும். இதற்கு மேலே சொன்ன சிக்கலும் உண்டு: எக்செலைப் பொறுத்தவரை இது நீங்கள் கையால் அடித்தது மாதிரிதான், ஆகவே நாள் முன் மாதம் பின் என்ற வரிசை உங்கள் கம்ப்யூட்டர் அமைப்போடு பொருந்த வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் புது மென்பொருள் போட அனுமதி இல்லையென்றால் இந்த வழி அடைபட்டது, எக்செல் கீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், ஆனால் இப்படி: “விண்டோஸ் 11, பிரவுசரில் திறக்கும் படிவம், தேதிக் கட்டத்தில் நாள் காட்டி திறக்கிறது, கையால் அடிக்க விடுவதில்லை.” அதற்குத்தான், நீங்கள் கேட்டபடி, என்னால் ஒரே வரியில் பதில் எழுத முடியும்.