பெட்டிக்குள் 4 டிகிரி: இரத்த மாதிரியோடு போகும் லிஸ்ட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பிரஷருக்கு லொசார்டன் பாவிக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சேகரிப்பு நிலையத்தில் காலையில் இரத்தம் கொடுத்தோம். பின்னேரம் வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.9. டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. அடுத்த நாள் வேறு இடத்தில் பார்த்தால் 4.7. நிலையத்தில் போய்க் கேட்டோம். மாதிரிகள் போன லிஸ்ட்டைக் காட்டி, "பாருங்கோ, 4 டிகிரியிலதான் போயிருக்கு, எங்கட பக்கம் பிழையில்லை" என்கிறார்கள். லிஸ்ட்டையும் ரிப்போர்ட்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பிழை எங்கே? காசைத் திருப்பிக் கேட்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழை அந்த 4 டிகிரியில்தான் இருக்கிறது. எடுத்த காசைத் திருப்பித் தரும்படி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அதற்கு வேண்டிய சாட்சி அவர்களே காட்டிய தாளில் இருக்கிறது.

ஒரு சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், அதைச் சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 30 மடங்கு. அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது அணுவின் சுவரில் ஓயாமல் வேலை செய்யும் ஒரு பம்பு. குளிர் பட்டால் அந்தப் பம்பு தளர்ந்துவிடும். அணு உடையாது, ஆனால் பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே கசியும். அணு உடைந்திருந்தால், இரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் சீரம் என்ற மஞ்சள் நீர் சிவந்துபோய், ஆய்வுகூடத்தில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். குளிரில் கசிந்ததென்றால் சீரம் நல்ல மஞ்சளாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது, மெஷினும் தான் கண்ட எண்ணை அப்படியே தரும். அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் மாதிரி பழுது என்ற குறிப்பு எதுவும் இல்லை.

ஆகவே சீரம் டியூப்புக்கு ஒழுங்கு இதுதான்: எடுத்த பிறகு அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைய விட வேண்டும். பிறகு சென்ட்ரிபியூஜில் சுழற்ற வேண்டும். மஞ்சள் மூடி டியூப்பின் அடியில் இருக்கும் ஜெல், சுழலும்போது மேலே வந்து அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவில் ஒரு சுவராக நின்றுகொள்ளும். எடுத்து 2 மணித்தியாலத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும். அதன் பின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் அனுப்பினால் பொட்டாசியத்துக்கு ஒன்றும் ஆகாது. சுழற்றாத டியூப்பை மட்டும் ஐஸ் பையோடு சேர்த்து வைக்கவே கூடாது. அது 18 முதல் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில், வேகமாகப் போய்ச் சேர வேண்டும். ஒரே ரெஜிபோம் பெட்டியில் இரண்டையும் கலந்து அடுக்கிவிட்டு "குளிரில் அனுப்பினோம்" என்று பெருமைப்படுவதுதான் இங்கே நடந்திருக்கிறது.

இனி உங்கள் படத்தைப் பார்ப்போம். அன்றைய லிஸ்ட்டில் 19 பேர். "எடுத்த நேரம்" என்ற நிரலில் 19 பேருக்கும் 7.00 என்றே எழுதியிருக்கிறது, ஒரே பேனாவில், ஒரே மூச்சில். ஒருவருக்கு இரத்தம் எடுத்து லேபல் ஒட்ட 4, 5 நிமிடமாவது போகும். 19 பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். அந்த நிரல் இரத்தம் எடுக்கும்போது நிரப்பப்படவில்லை, பெட்டி கட்டும்போது நிரப்பப்பட்டது. உங்கள் பற்றுச்சீட்டில் 6.58 என்று அச்சாகியிருப்பதால் அம்மாவுக்கு ஏறக்குறைய 7.00 பொருந்துகிறது, மற்றவர்களுக்குப் பொருந்த வழியில்லை.

அடுத்தது, பெட்டி மூடிய நேரம் 9.40. அதற்கு முன்னால் இருக்கும் "சுழற்றிய நேரம்" நிரல் வெறுமையாக இருக்கிறது. நிலையத்தில் சென்ட்ரிபியூஜ் இல்லை, அல்லது அன்றைக்கு ஓடவில்லை. ரைடர் கையொப்பம் 9.45, ஆய்வுகூடம் ஏற்ற நேரம் 11.20. ஆய்வுகூடப் பக்கத்தில் சுழற்றியதாக எழுதியிருப்பது 13.05. கூட்டிப் பாருங்கள்: 7 மணிக்கு எடுத்த இரத்தம் 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சுழன்றிருக்கிறது. இதில் காலி வீதி நெரிசல் தின்றது ஒன்றரை மணித்தியாலம்தான். மீதி நாலரை மணித்தியாலம், பெட்டி மூடாமல் நிலையத்து மேசையிலோ ஃப்ரிட்ஜிலோ இருந்த நேரமும், ஆய்வுகூடத்துக்கு வந்த பிறகு சும்மா கிடந்த நேரமும். தாமதம் என்றால் எல்லாரும் ரோட்டைத்தான் குறை சொல்வார்கள். லிஸ்ட்டை ஒழுங்காக எழுதினால் தாமதம் எந்த மேசையில் நின்றது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த லிஸ்ட் இருக்கிறது.

ரிப்போர்ட்டின் மேல்மூலையைப் பாருங்கள். "கலெக்டட்" என்ற இடத்தில் 11.24 என்று இருக்கிறது. அது இரத்தம் எடுத்த நேரம் அல்ல, ஆய்வுகூடத்தில் பார்கோடை ஸ்கேன் செய்த நேரம். இதைப் பார்த்த டாக்டர் மாதிரி புதிது, சுழல ஒன்றரை மணித்தியாலம்தான் ஆகியிருக்கிறது என்று நினைத்திருப்பார். உண்மையில் 6 என்று தெரிந்திருந்தால் அம்மாவை அவ்வளவு பயப்படுத்தியிருக்கத் தேவையில்லை. எடுத்த நேரம், சுழற்றிய நேரம், பெட்டி மூடிய நேரம், ஏற்ற நேரம் என்ற நான்கும் ஒழுங்காக இல்லாததைவிடப் பெரிய பிழை ஒரு தாளில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 1, 2 டிகிரி வித்தியாசத்தைக்கூட மன்னிக்கலாம், இதை முடியாது.

வேறு காரணம் இருக்கலாமா என்றும் பார்த்தேன். ஊதா மூடி டியூப்பில் இருக்கும் ஈடிடிஏ மருந்தில் பொட்டாசியம் உண்டு. ஊதா டியூப்பை முதலில் நிரப்பிவிட்டு அடுத்ததாக மஞ்சளை நிரப்பினால், அல்லது ஒன்றிலிருந்து மற்றதில் ஊற்றினால், பொட்டாசியம் ஏறும். ஆனால் அப்போது கல்சியம் தெளிவாக இறங்கிவிடும். அம்மாவின் கல்சியம் 9.4, சரியாக இருக்கிறது. ஆகவே அதுவல்ல. இரத்தம் எடுக்கும்போது கையைப் பொத்திப் பொத்தித் திறக்கச் சொன்னார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதுவும் கொஞ்சம் ஏற்றும். 6 மணித்தியாலத் தாமதத்தோடும் குளிரோடும் அதுவும் சேர்ந்திருக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லொசார்டன் உண்மையாகவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. ஆகவே டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொன்னதும், நீங்கள் தாமதிக்காமல் வேறு இடத்தில் திரும்பப் பார்த்ததும்தான் சரி. இதைப் படிப்பவர்கள் யாரும் கூடின எண்ணைக் கண்டு "இது பெட்டிப் பிழையாக இருக்கும்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. முதலில் டாக்டர், திரும்பவும் டெஸ்ட், லிஸ்ட் பிறகு.

காசு விஷயம். வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் எழுதுங்கள். நிலையத்துக்கு அல்ல, ஆய்வுகூடத்தின் தலைமை அலுவலகத்துக்கு. பெட்டி மூடிய பிறகு நடந்ததற்கு நிலையத்துப் பிள்ளைகள் பொறுப்பில்லை. பற்றுச்சீட்டு இலக்கத்தையும் டியூப்பின் பார்கோடு இலக்கத்தையும் போட்டு இப்படிக் கேளுங்கள்: "இந்த மாதிரி எடுத்த நேரம், சுழற்றிய நேரம், பெட்டி மூடிய நேரமும் வெப்பநிலையும், ஏற்ற நேரமும் வெப்பநிலையும், ஏற்றவரின் கையொப்பம் ஆகியவற்றைத் தரவும். சுழற்றாத மாதிரி 4 டிகிரியில் அனுப்பப்பட்டது உங்கள் சொந்த நடைமுறைக்கு உடன்பாடா என்று சொல்லவும்." இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான தரநியமமான ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரம் பெற்ற இடமென்றால், மாதிரி எவ்வளவு நேரத்துக்குள், எந்த வெப்பநிலையில் வர வேண்டும் என்று எழுதி வைத்து, அப்படி வருகிறதா என்று கண்காணித்தே ஆக வேண்டும். லிஸ்ட்டின் படத்தை மற்ற 18 பேரின் பெயரை மறைத்து இணையுங்கள். அது அவர்களின் அந்தரங்கம். உங்களுக்கு முழுத் தாளையும் காட்டியதே நிலையம் செய்த இன்னொரு பிழை.

பொட்டாசியம் டெஸ்ட்டின் காசும், திரும்பச் செய்த டெஸ்ட்டின் காசும் கேட்பது நியாயம். ஈசிஜி காசையும் கேளுங்கள், ஆனால் அதைத் தர மறுக்கலாம். பதில் வராவிட்டால், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு அதே கடிதத்தின் பிரதியோடு முறைப்பாடு செய்யலாம். தனியார் ஆய்வுகூடங்கள் பதிய வேண்டிய இடம் அதுதான்.

அம்மாவுக்கு அடுத்த முறை எடுக்கும்போது காசு கட்டுமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: இங்கே சென்ட்ரிபியூஜ் இருக்கிறதா, பெட்டி எத்தனை மணிக்குப் போகும்? சென்ட்ரிபியூஜ் இல்லை, பெட்டி 9.45க்குப் போகும் என்றால் 7 மணிக்குப் போக வேண்டாம், 9.15க்குப் போங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்ட்டும் சேர்ந்திருந்தால் சென்ட்ரிபியூஜ் இருக்கும் இடமாகத் தேடுவதே நல்லது.

கேள்வி: வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்பாவுக்குச் சலரோகம். ஆள் கிளம்புமுன் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: லேபல் எப்போது ஒட்டப்படுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். இரத்தம் எடுத்த பின், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். அப்பாவே தன் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்ல, வந்தவர் லேபலில் ஒத்துப்பார்க்க வேண்டும். பையில் வைத்து ரோட்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் விடாதீர்கள். காலையில் அவர் ஏறி இறங்கும் வீடுகளில் இரண்டு டியூப் இடம் மாறினால், லிஸ்ட் அந்தப் பிழையையே சரியென்று பதிந்துகொண்டு போகும்.

சீனி பார்ப்பதற்குச் சாம்பல் மூடி டியூப் வேண்டும். அதில் இருக்கும் ஃபுளோரைட் மருந்து, அணுக்கள் சீனியைத் தின்னாமல் தடுக்கும். சாதாரண டியூப்பில் சுழற்றாமல் கிடந்தால் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் சீனி குறையும். அப்பாவுக்கு 140 இருந்தால் 3 மணித்தியாலத்தில் 110க்கும் 120க்கும் இடையில் காட்டக்கூடும். கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைத்துவிடுவீர்கள். சாம்பல் டியூப்பும் முதல் ஒரு மணித்தியாலத்தில் முழுதாகத் தடுக்காது, ஆகவே அதையும் சீக்கிரமாகச் சேர்ப்பதே முறை. நிரப்பிய உடனே 8, 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது.

கடைசியாக, படிவத்தில் இப்போதைய நேரத்தை அவர் எழுதுவதைப் பார்த்து, எத்தனை டியூப், என்னென்ன மூடி என்பதோடு உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் "கலெக்டட்" நேரம் அந்தப் படத்தின் நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எண்களை நம்புமுன் ஆய்வுகூடத்துக்கு ஒரு அழைப்பெடுத்து, எப்போது சுழற்றினார்கள் என்று கேளுங்கள்.