35,000 ரூபாய் சான்றிதழும் மூன்று கம்ப்யூட்டரும்

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு, இல்லத்தரசிகளுக்கும் பெரியவர்களுக்கும் கம்ப்யூட்டர் அடிப்படையும் டைப்பிங்கும் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். 35,000 ரூபாய் கட்டி ஃப்ரான்சைஸ் எடுத்தால் அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? தமிழ் டைப்பிங்கை எந்த முறையில் தொடங்குவது?"

எடுக்க வேண்டாம். உங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சான்றிதழால் பயன் இல்லை. பயன் தேவைப்படும் சிலருக்கோ அது செல்லாது.

இத்தகைய இடைத்தரகர்கள் வழக்கமாக மூன்று தாள்களைக் காட்டுவார்கள். முதலாவது ஐ.எஸ்.ஓ. சான்று. அது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்தை ஒழுங்கான முறையில் நடத்துகிறது என்பதற்காகத் தனியார் தணிக்கை நிறுவனங்கள் தருவது. பாடத்திட்டத்துக்கான அரசு அங்கீகாரம் ஆகாது. இரண்டாவது உத்யம் பதிவு. அது சிறுதொழில் செய்பவர் தாமே விவரங்களைக் கொடுத்து இணையத்தில் கட்டணமின்றிப் பெறும் பதிவு. நீங்களும் உங்கள் பெயரில் பெறலாம். மூன்றாவது அறக்கட்டளை அல்லது கம்பெனிப் பதிவு. அது அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மூன்றிலும் அரசின் பெயர் எங்காவது தென்படும் என்பதால்தான் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தப் படிப்புக்கு எந்த அரசுத் துறை தேர்வு நடத்துகிறது? அந்த ஆணையின் நகலைக் கொடுங்கள்." நகல் வராது, பேச்சு அடுத்த சலுகைக்குத் தாவிவிடும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒருவர் என மூன்று பேர் கொண்ட மூன்று வகுப்புகள் வைத்து, ஆளுக்கு மாதம் 500 ரூபாய் வாங்கினால் 4,500 ரூபாய் வரும். மின்கட்டணத்தைக் கழிக்காமலேயே, ஏறத்தாழ எட்டு மாத வருமானம் அந்த ஃப்ரான்சைஸுக்குப் போய்விடும். இதற்கு மேல் சான்றிதழ் ஒன்றுக்கு இவ்வளவு என்றும், ஆண்டுப் புதுப்பித்தல் என்றும் பெரும்பாலும் தனியாகக் கேட்பார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் வருபவர் டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணியைக் குறி வைத்திருந்தால், அவருக்குத் தேவை தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேர்ச்சி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் வேண்டும். அந்தத் தேர்வு நெடுங்காலமாகத் தட்டச்சு இயந்திரத்திலேயே நடந்து வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் விசைப்பலகையில் மெதுவாகத் தொட்டுப் பழகிய விரல், இயந்திரத்தின் விசையைச் சீரான அழுத்தத்துடன் அடிக்கத் தடுமாறும். ஆகவே அவரை முதல் நாளே இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற தட்டச்சு நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கழித்துச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். எது செல்லும், எது செல்லாது என்பதை ஒரு சாதாரணப் பெண் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரே பக்கத் தமிழில் எழுதி அரசு அலுவலக வாசலில் ஒட்டியிருந்தாலே இந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும். அதைச் செய்யாமல், ஏமாந்தவர் புகாரோடு வந்த பிறகு "நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்" என்று சொல்லும் நிர்வாகத்தின் மீது எனக்குப் பொறுமை இல்லை.

மற்றவர்களுக்கு, என்னென்ன கற்றார்கள் என்பதை வரிசையாக எழுதி நீங்களே கையொப்பமிட்ட பயிற்சிக் கடிதம் போதும். அதில் "அரசு" என்ற சொல் வரக்கூடாது, உங்கள் பெயர்ப்பலகையிலும்தான்.

தமிழுக்குத் தமிழ்99 முறையில் தொடங்குங்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்ற முறை அது; இப்போதைய விண்டோஸில் மொழி அமைப்பிலேயே கிடைப்பதால் தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வரும்படி அமைந்திருக்கிறது. "அம்மா" என்று அடிக்க A, K, K, Q என நான்கு தட்டல்கள்: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு முறை வந்ததும் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். முதல் வகுப்பிலேயே இதை அடித்துத் திரையில் பார்த்த பெண்ணுக்குப் பயம் பாதி போய்விடும். பழைய இயந்திரத்தில் முன்பே பழகி, அதே வேகத்தைக் காக்க விரும்புபவரை மட்டும் அந்த அமைப்பிலேயே விட்டுவிடுங்கள்.

தொலைபேசியில் கட்டைவிரலால் அடித்துப் பழகியவர்கள் விசைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டேதான் அடிப்பார்கள். F, J விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளை ஆள்காட்டி விரல்களால் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிப் பழகட்டும். பார்க்காமல் நடு வரிசை வரும்வரை மேல் வரிசைக்குப் போகாதீர்கள். வேகத்தை அவசரப்பட்டுக் கேட்டால் தவறான விரல் நிலைத்துவிடும். அதைத் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் தொடுவதால், வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறந்து காட்டும்போது குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் Ctrl+Shift+N அழுத்தித் தனிச்சாளரம் திறக்கச் சொல்லுங்கள். பிரவுசர் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் மறுக்கப் பழக்குங்கள். ஒருவர் கணக்கில் பணம் குறைந்தால், காரணம் வேறாக இருந்தாலும், முதலில் உங்கள் முன்னறையைத்தான் கேட்பார்கள்.