கிவ்அவே விதிகளை ஸ்லைடில் எழுதுவது: கேள்வி பதில்

சிறு கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கிவ்அவே ஸ்லைடுகளில் என்ன எழுதுவது, எதை எழுதக்கூடாது என்று கேளுங்கள். நான் வக்கீல் இல்லை. சட்டம் வந்தால் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஈரோடு, புடவைக் கடை: அக்கா, என் ஸ்லைடில் இருப்பது இதுதான்: "எங்களை ஃபாலோ செய்து, லைக் செய்து, 3 நண்பர்களை டேக் செய்து, ஸ்டோரியில் பகிர்ந்தால் ரூ.5,000 மதிப்புள்ள பட்டுப் புடவை வெல்லலாம்! கடைசி நாள் ஆகஸ்ட் 10 நள்ளிரவு 12." கமெண்ட்டில் எல்லாரும் சந்தேகமாகவே கேட்கிறார்கள். எங்கே தப்பு?

நாலு வேலையை ஒரே வாக்கியத்தில் அடுக்கியிருக்கிறீர்கள், அதில் இரண்டை உங்களால் சரிபார்க்கவே முடியாது. பிரைவேட் கணக்கு வைத்திருப்பவர் ஸ்டோரி போட்டால் அது உங்கள் கண்ணில் படாது. பொதுக் கணக்காக இருந்தாலும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். குலுக்கல் அன்று "நான் பகிர்ந்தேன்" என்பவரிடம் என்ன சொல்வீர்கள்? லைக்கும் அப்படித்தான். சில நூறைத் தாண்டினால் யார் போட்டார், யார் எடுத்தார் என்று உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒரு படியைச் சரிபார்க்க வழியில்லை என்றால் அதை ஸ்லைடில் வைக்காதீர்கள். வைத்தால் நேர்மையாகச் செய்தவருக்குத்தான் நஷ்டம்.

அடுத்து "3 நண்பர்கள்". ஒரே கமெண்ட்டிலா, மூன்று கமெண்ட்டிலா? பத்து கமெண்ட் போட்டால் பத்து வாய்ப்பா? சந்தேகம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது. "ஆகஸ்ட் 10 நள்ளிரவு 12" என்பதைப் பாதிப் பேர் 9ஆம் தேதி இரவு என்று எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் 10ஆம் தேதி இரவு என்பார்கள். 11.59 என்று போட்டால் சண்டையே இல்லை.

கடைசியாக அந்த 5,000. உங்கள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதே மெரூன் புடவை மூன்று போஸ்ட் கீழே ரூ.3,800 என்று விற்பனைக்கு இருக்கிறது! நீங்கள் விற்கிற விலைதான் பரிசின் மதிப்பு. நான் எழுதினால் நான்கு ஸ்லைடு இப்படி வரும்:

ஸ்லைடு 1: ஒருவருக்கு ஒரு பட்டுப் புடவை. கட்டணம் இல்லை, எதுவும் வாங்க வேண்டாம். ஆகஸ்ட் 10 இரவு 11.59 வரை.

ஸ்லைடு 2: (1) எங்கள் கணக்கை ஃபாலோ செய்யுங்கள். (2) இந்தப் போஸ்ட்டின் கமெண்ட்டில் ஒரு நண்பரை டேக் செய்யுங்கள். எத்தனை கமெண்ட் போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான்.

ஸ்லைடு 3: படத்தில் உள்ள அதே மெரூன் புடவை, பிளவுஸ் துணியுடன். எங்கள் விற்பனை விலை ரூ.3,800. கூரியர் செலவு எங்களுடையது. இந்திய முகவரிக்கு மட்டும். பணமாகத் தர மாட்டோம்.

ஸ்லைடு 4: ஆகஸ்ட் 12 மாலை 6 மணிக்கு லைவில் குலுக்கல். வெற்றியாளர் பெயர் இதே கணக்கில் போஸ்ட்டாக வரும். 48 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த பெயர் எடுப்போம். பரிசுக்காகப் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம். இது இன்ஸ்டாகிராம் நடத்தும் போட்டி அல்ல; கலந்துகொள்பவர் இதற்காக இன்ஸ்டாகிராமைப் பொறுப்பாக்க மாட்டார்.

அந்தக் கடைசி வரி அலங்காரத்துக்கு இல்லை. இன்ஸ்டாகிராமின் விதியே அந்த இரண்டையும் கேட்கிறது.

பெயர் சொல்லாதவர்: மேடம், இந்த மாதிரி போட்டிகளில் ஜெயிக்க ஏதாவது டிப்ஸ்? ரொம்ப நாளா டேக் போட்டுப் பார்க்கிறேன்.

இங்கே நடத்துபவர்களுக்குத்தான் பதில், தம்பி. ஒன்று மட்டும்: போன கிவ்அவேயில் யார் ஜெயித்தார் என்று அந்தக் கணக்கில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மதுரை, வீட்டு பேக்கரி: விதிகளைக் கேப்ஷனில் போட்டால் போதாதா? ஸ்லைடு அழகாக இருக்குமே.

கேப்ஷனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி "மேலும்" என்பதற்குள் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும்போது கேப்ஷன் கூடவே போவதில்லை, ஸ்லைடுதான் போகும். ஆகவே படியும் பரிசும் தேதியும் ஸ்லைடில் இருக்கட்டும், அதையே கேப்ஷனிலும் எழுதுங்கள். இரண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்க வேண்டும்.

திருச்சி, டிசைன் மாணவர்: எழுத்து அளவு என்ன வைப்பது? நிபந்தனைகளைக் கீழே சின்னதாக வைக்கச் சொல்கிறார் கடைக்காரர்.

1080 × 1350 அளவில் வேலை செய்தால் எந்த எழுத்தும் 40 பிக்ஸலுக்குக் கீழே போக வேண்டாம். போனில் அந்தப் படம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். 24 என்று வைத்தது எறும்பு மாதிரி ஆகிவிடும். தமிழுக்கு மேலே கொக்கி, கீழே சுழி எல்லாம் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடத் தாராளமாக விடுங்கள்.

கடைக்காரர் கேட்பது வேறு விஷயம். பரிசைக் குறைக்கிற எந்த நிபந்தனையும் பரிசு இருக்கிற அதே ஸ்லைடில், படிக்கிற அளவில் இருக்க வேண்டும். "ரூ.2,000 வவுச்சர்" என்று பெரிதாகப் போட்டு, ரூ.6,000க்கு வாங்கினால்தான் செல்லும் என்பதை ஐந்தாவது ஸ்லைடில் நட்சத்திரக் குறியோடு ஒளித்தால், அது பரிசே இல்லை, தள்ளுபடி. அப்படியே எழுதச் சொல்லுங்கள்: "ரூ.6,000க்கு வாங்கினால் ரூ.2,000 தள்ளுபடி". எழுத மனசு வரவில்லை என்றால் அந்தப் பரிசே வேண்டாம்.

சேலம், பாத்திரக் கடை: 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் பில் நம்பரைக் குலுக்கி ஒருவருக்கு மிக்ஸி தரலாம் என்றிருக்கிறோம். ஸ்லைடில் எப்படி எழுதுவது?

எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1979இலிருந்தே இருக்கிறது. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கலிலோ வேறு விதத்திலோ ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதைத்தான் அது குறி வைக்கிறது. டிவி விளம்பரங்களில் "இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது" என்று ஓடுமே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான். வாங்கிய எல்லாருக்கும் ஒரே கரண்டி செட் கொடுங்கள். அதில் யாரையும் தேர்ந்தெடுப்பதே இல்லை.

சென்னை வாசகர்: லாட்டரியே 2003இல் தடை ஆகிவிட்டது. அப்படியென்றால் எல்லாக் குலுக்கலும் சட்டவிரோதம். நீங்கள் மேலே புடவைக்கு எழுதிக் கொடுத்ததும் தப்புதான்.

பாதி சரி. லாட்டரிச் சீட்டு விற்பனை அப்போது நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் சீட்டு என்றால் காசு கொடுத்து வாங்குவது. ஈரோட்டுக்காரர் யாரிடமும் காசு வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் இல்லை. "எதுவும் வாங்க வேண்டாம்" என்ற வரியை முதல் ஸ்லைடிலேயே வைத்ததற்குக் காரணம் அதுதான். அதை எடுத்துவிட்டால் நீங்கள் சொல்வது பலிக்கும்.

சேலம், பாத்திரக் கடை: எங்கள் தெருவில் தீபாவளிக்கு எல்லாக் கடையும் கூப்பன் போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை.

அவர்கள் வாயால் சொல்கிறார்கள், நீங்கள் பெயர் போட்டு, தேதி போட்டு, படமாகச் சேமித்து வைக்கும்படி எழுதப்போகிறீர்கள். உங்கள் இஷ்டம்.

கோவை, நுகர்வோர் வழக்குகள் பார்க்கும் வக்கீல்: இரண்டு சேர்க்கிறேன். 1979 சட்டத்தில் "வேறு எந்த விதத்திலும்" என்று இருப்பதால், வாங்கியவர்களுக்குள் ஸ்லோகன் போட்டி வைத்தாலும் தப்பிக்க முடியாது. அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பரிசுத் திட்டம் முடிந்ததும் முடிவைக் கலந்துகொண்டவர்களிடமிருந்து மறைப்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

நன்றி சார். நாலாவது ஸ்லைடில் அறிவிப்புத் தேதியை வைக்கச் சொல்வதற்கு இனி உங்களைக் காட்டலாம். சட்டம் பத்திரிகை விளம்பரத்தை மனதில் வைத்து, விளம்பரம் வந்த அதே பத்திரிகையில் முடிவும் வர வேண்டும் என்கிறது. நான் அதையே பின்பற்றி, முடிவையும் அதே கணக்கில் போஸ்ட்டாகப் போடச் சொல்கிறேன். ஸ்டோரியில் போட்டால் மறுநாள் காணாமல் போகும்.

சேலம், பாத்திரக் கடை: சரி, குலுக்கல் வேண்டாம். முதலில் வாங்கும் 50 பேருக்கு மட்டும் டிபன் பாக்ஸ் என்றால்?

எனக்கு அது குலுக்கலாகத் தெரியவில்லை, அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லையே. வக்கீல் சார்?

கோவை வக்கீல்: அதுவும் வாங்கியவர்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று வாதாட இடம் இருக்கிறது. நான் என் கட்சிக்காரருக்கு வேண்டாம் என்பேன்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். சேலத்துக்காரர் உள்ளூரில் ஒருவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். போடுவதானால் 50 முடிந்த நிமிடமே கேப்ஷனில் "முடிந்தது" என்று எழுத வேண்டும்.

நாகர்கோவில், மொபைல் கடை: எதுவும் வாங்கத் தேவையில்லாத கிவ்அவேதான். பரிசு ரூ.20,000 போன். வேறு ஏதாவது எழுதணுமா?

வரி. இப்படிக் கிடைக்கும் பரிசு ரூ.10,000ஐத் தாண்டினால் 30% வரி, உங்கள் கணக்கில் ரூ.6,000. பொருளாகக் கொடுக்கும்போது அந்த வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகுதான் கொடுப்பவர் ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர் கட்ட வேண்டும் என்றால் மூன்றாவது ஸ்லைடில் போன் படத்துக்குப் பக்கத்திலேயே "வரி ரூ.6,000 வெற்றியாளருடையது" என்று போடுங்கள். அப்போது "பணம் கேட்க மாட்டோம்" என்ற வரியும் பொய்யாகிவிடும், அதை மாற்ற வேண்டும். இங்கேதான் போலிக் கணக்குக்காரன் நுழைவான். உங்கள் பெயரில் ஒரு புள்ளி கூட்டிக் கணக்கு திறந்து, "வரியை இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்பான். அதனால் வரியை நீங்களே ஏற்றுக்கொண்டு அதை எழுதுங்கள், எப்படிக் கணக்குக் காட்டுவது என்று ஆடிட்டரைக் கேளுங்கள். அதற்கும் சுலபம், பரிசை 10,000க்குள் வைப்பது.

தஞ்சாவூர், பொம்மைக் கடை: விதிகள் கேப்ஷனில் இருந்தால் போதும்தானே அக்கா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கரூர், போர்வை விற்பவர்: பயோவில் லிங்க் கொடுத்து அங்கே விதிகள் வைத்தால்? ஸ்லைடில் இடம் இல்லை.

இடம் இல்லை என்றால் விதி அதிகம் என்று அர்த்தம். நீளமான விதிகள் லிங்க்கில் இருக்கட்டும். படி, பரிசு, தேதி ஸ்லைடை விட்டுப் போகக்கூடாது. ஸ்டோரி பகிர்வைப் பற்றி யாரும் இனி கேட்க வேண்டாம், முதல் பதிலிலேயே இருக்கிறது.

விருதுநகர், மசாலா வியாபாரம்: போஸ்ட் போட்ட பிறகுதான் பார்த்தேன். ஸ்லைடில் கடைசி நாள் 15, கேப்ஷனில் 18. 200 கமெண்ட் வந்துவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா?

அழிக்காதீர்கள், அந்த 200 கமெண்ட்டும் சேர்ந்து போய்விடும். போட்ட படத்தை மாற்ற முடியாது. ஒரு ஸ்லைடை நீக்கலாம், புதியதை அதன் இடத்தில் வைக்க முடியாது. தேதி இருக்கிற ஸ்லைடில்தான் படிகளும் இருக்கும் என்றால் நீக்கவும் வேண்டாம். 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15ஐ நம்பியவருக்கு அதனால் கதவு மூடாது, 15 என்று முடித்தால் 18ஐ நம்பி வருபவர் ஏமாந்துவிடுவார். கேப்ஷனின் முதல் வரியை "கடைசி நாள் 18, இரவு 11.59. ஸ்லைடில் 15 என்று இருப்பது தவறு" என்று மாற்றுங்கள். அதையே ஒரு கமெண்ட்டாகப் போட்டு மேலே பின் செய்யுங்கள், இன்று இரவுக்குள் ஸ்டோரியிலும் சொல்லிவிடுங்கள். அறிவிப்புத் தேதி ஸ்லைடில் 17 என்று இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற மறக்காதீர்கள்.