நோயால் தவறிய பதிவுப் புதுப்பிப்பு: அவகாசம் கேட்பதா, மீள்சேர்ப்பு கேட்பதா?

கேள்வி: ஐயா, நான் மேலூரில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் நடத்தும் மருந்தாளுநர். என் பதிவு கடந்த டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகஸ்டில் கிலன் பாரே என்ற நரம்பு நோய் தாக்கி, மதுரையில் மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்தேன். கை விரல்கள் அசையவே ஜனவரி ஆகிவிட்டது. ஏப்ரல் 10-ஆம் தேதிதான் வேலைக்குத் தகுதி என்று டாக்டர் சான்று கொடுத்தார். இரண்டு பயிற்சி வகுப்புகளில் ஒன்றுதான் முடித்திருக்கிறேன். இப்போது மே மாதம் 20. பார்மசி கவுன்சிலுக்கு அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கடையைத் தங்கை மகன் பார்த்துக்கொண்டான். இந்தக் கடிதம் போதுமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அனுப்பாதீர்கள், அம்மா. தேதி முடியாமல் இருக்கும்போது கேட்பதுதான் அவகாசம். உங்கள் தேதி முடிந்துவிட்டது. கவுன்சிலின் பதிவாளர் பரிவோடு படித்தாலும், நீட்டிப்பதற்கு அவர் கையில் ஏதும் இருக்காது.

1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் தேதிக்கு முன் செலுத்த வேண்டும். செலுத்தத் தவறியவரின் பெயரைப் பதிவாளர் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டாயமாகச் சொல்கிறது. நோயாளிக்கு மட்டும் அந்தத் தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்தப் பிரிவோடு சேர்ந்த விதிவிலக்கு, நீக்கப்பட்ட பெயரை விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி மீண்டும் சேர்க்க இடம் தருகிறது. போதுமான காரணம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால் மீண்டும் சேர்க்க 37-ஆவது பிரிவும் அதற்கு அதிகாரம் கொடுக்கிறது. உங்கள் நோயை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே, மனுவின் பொருள் வரியில் 'கால அவகாசம்' என்பதை எடுத்துவிட்டு, 'பதிவேட்டில் பெயரை மீண்டும் சேர்க்கக் கோருதல்' என்று போடுங்கள்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேதி கடந்த மறுநாளே பெயர் தானாக அழிந்துவிடுவதில்லை. பதிவாளர் நீக்க வேண்டும். நீக்கியிருக்கிறாரா என்று சென்னையிலுள்ள தமிழ்நாடு பார்மசி கவுன்சில் அலுவலகத்தில் கேளுங்கள். இன்னும் நீக்கவில்லை என்றால், தாமதமான கட்டணத்தை ஏற்றுப் பதிவைத் தொடருமாறு கேட்பதுதான் உங்களுக்கு எளிது. எது உண்மையென்று தெரிவதற்குள் எழுதியாக வேண்டுமானால், முதல் கோரிக்கையாகத் தொடர்ச்சியையும், அதற்கு வழியில்லையெனில் மீள்சேர்ப்பையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

பயிற்சி வகுப்பு தனி விஷயம். 2015-ஆம் ஆண்டின் பார்மசி தொழில் ஒழுங்குமுறைகள் ஐந்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ளச் சொல்கின்றன. கட்டணத்தை நீங்கள் இன்றே செலுத்திவிடலாம். வகுப்பை இன்றே முடிக்க முடியாது. அதனால் 'அவகாசம்' என்ற சொல்லை இந்த இரண்டாவது வகுப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் 'சிறிது காலம்' என்று எழுதாமல், எந்த வகுப்பில் சேர விண்ணப்பித்திருக்கிறீர்கள், அது என்று நடக்கிறது என்று குறிப்பிட்டு, விண்ணப்ப ரசீதையும் இணையுங்கள்.

மனுவின் உயிர் நோயின் பெயரில் இல்லை, தேதிகளில் இருக்கிறது. பலரும் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் இணைத்துவிட்டு, 'நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்தேன்' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். கோப்பைப் பார்க்கும் அலுவலர் கேட்பது வேறு: கட்டணம் செலுத்த வேண்டியிருந்த ஜனவரி முதல் மார்ச் வரை இவருக்கு என்ன தடை? வீட்டில் ஒருவர் செலுத்தியிருக்கக் கூடாதா? நோய் ஆகஸ்டில் தொடங்கியது என்பது இதற்குப் பதிலாகாது. ஆகவே, சிகிச்சை அளித்த நரம்பியல் மருத்துவரிடம் தனிச் சான்று வாங்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நீங்கள் கையெழுத்திடவோ கைப்பேசியை இயக்கவோ முடியாத நிலையில் இருந்தது உண்மையானால், அதை அந்தச் சான்று சொல்ல வேண்டும். பிசியோதெரபி அட்டையின் நகல் அதற்குத் துணை நிற்கும். ஜனவரியில் விரல் அசைந்ததாக நீங்களே எழுதியிருப்பதால், அசைவு வேறு, வேலை செய்யும் திறன் வேறு என்பதை மருத்துவரின் வாயிலாகவே விளக்கச் செய்யுங்கள்.

இதைவிட இடறலான இடம் ஏப்ரல் 10-க்கும் மே 20-க்கும் இடைப்பட்ட 40 நாள். அந்த நாட்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை. நிலம் கையகப்படுத்துதல் ஆட்சியர், அனந்த்நாக் எதிர் கத்திஜி என்ற 1987-ஆம் ஆண்டு வழக்கில், தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கும் போக்கை வறட்டுத்தனமாகக் கடைப்பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது நீதிமன்றத்தில் தாமதமாகத் தாக்கலாகும் மேல்முறையீட்டைப் பற்றியது. கவுன்சிலை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, அதை மனுவில் மேற்கோள் காட்டவும் வேண்டாம். இருந்தாலும் உண்மையான ஒரு விளக்கம் இருக்க வேண்டும். சான்றுகளைத் திரட்ட நாள் பிடித்ததா, நடக்கத் துணை தேவைப்பட்டதா, விதி தெரியாமல் காத்திருந்தீர்களா, எதுவோ அதை இரண்டே வரியில் சொல்லுங்கள். மனுவின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"கடந்த ஆகஸ்ட் முதல் கிலன் பாரே நோய்க்கு உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். கட்டணம் செலுத்த வேண்டியிருந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் என் கைகள் செயல்படும் நிலையில் இல்லை என்பதற்கு இணைப்பு 2-இல் உள்ள மருத்துவச் சான்று ஆதாரமாகும். ஏப்ரல் 10 அன்று பணிக்குத் தகுதி பெற்றேன். அதன்பின் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணத்தைப் பத்தி 5-இல் விளக்கியுள்ளேன். நிலுவைக் கட்டணத்தையும் விதிக்கப்படும் கூடுதல் கட்டணத்தையும் செலுத்தத் தயாராக உள்ளேன்."

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கடைசி விவரத்துக்கு வருகிறேன். தங்கை மகன் பதிவு பெற்ற மருந்தாளுநர்தானா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால், இந்த மனுவைவிட அதுதான் உங்களுக்கு ஆபத்தானது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதி, மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரோ அவருடைய நேரடி மேற்பார்வையில் இருப்பவரோதான் கொடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் பெயர் திரும்பச் சேர்ந்தால் அது கடந்துபோன மாதங்களையும் சரியாக்கிவிடும் என்று எண்ண வேண்டாம். பெயர் நீங்கியிருந்தால், இன்றைக்கு நீங்களே மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுத்தாலும் குற்றம்தான். ஆகவே, நாளைக்கே பதிவு பெற்ற ஒருவரை வேலைக்கு அமர்த்தி, மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆள் கிடைக்கும்வரை மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்துங்கள். கவுன்சில் மனுவில் 'கடையை மூடி வைத்திருந்தேன்' என்றோ, 'தடையின்றித் தொழில் செய்துவந்தேன்' என்றோ எழுதிவிடாதீர்கள். முன்னது பொய், உங்கள் கொள்முதல் பில்களே காட்டிக்கொடுக்கும். பின்னது தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குமூலம். கவுன்சிலோ ஆய்வாளரோ கடையைப் பற்றிக் கேட்டால், பதில் எழுதுவதற்கு முன் எல்லாத் தாள்களோடும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

மனுவை விரைவு அஞ்சலில், பட்டுவாடாச் சான்று கேட்டு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், கோப்பின் நிலையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அங்கும் 'என் பெயரைச் சேர்க்க உத்தரவிடுங்கள்' என்பதைவிட, 'நிலுவையிலுள்ள என் மனுவைக் குறித்த காலத்துக்குள் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்று கேட்பதே எளிதில் கிடைக்கும் நிவாரணம். அப்போது நீதிபதியின் முன் இருக்கப்போவது நீங்கள் இப்போது அனுப்பும் இந்த மனுதான்.