விலகிப் போனவர்கள் எழுதியதை நம்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஈப்போவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் கிராணி வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 2,000 ரிங்கிட். அங்கே வேலை பார்த்து விலகியவர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்தோம். சிலர் புகழ்கிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். 3.6 நட்சத்திரம் போட்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அந்த 20 கருத்துகளையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன், அம்மா. ஐந்து நட்சத்திரம் கொடுத்த 8 பேருமே ஒரே மார்ச் மாதத்தில், இரண்டு வாரத்துக்குள் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் “குடும்பம் போன்ற சூழல்” என்று அதே சொற்களைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம்தான் ஒருவர் காட்டமாக ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். ஆபீஸில் சொல்லி எழுத வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் கொத்தாக வரும். அந்த எட்டை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். மொத்தம் 72 நட்சத்திரம். 40 போனால் 32. அதை 12 பேருக்கு வகுத்தால் 2.7தான் வருகிறது.

சரி, இந்த 2.7-ஐயும் அப்படியே எடுக்க வேண்டாம். மனக்கசப்போடு போனவருக்குத்தான் எழுதும் வேகம் இருக்கும். நிம்மதியாக வேலை பார்ப்பவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அதனால் “மேனேஜர் சரியில்லை” என்பதை எல்லாம் நான் கடந்துவிட்டேன். என்னை நிறுத்தியது மூன்று பேர் எழுதியது. 2021, 2023, 2024 என்று வெவ்வேறு ஆண்டுகளில், ஸ்டோர், விற்பனை, கணக்கு என்று வெவ்வேறு பிரிவிலிருந்து எழுதியவர்கள், சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், இபிஎஃப் சரியாகக் கட்டுவதில்லை என்கிறார்கள். கோபத்தில் எழுதினாலும், இது சரிபார்க்கக்கூடிய விஷயம்.

வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். இபிஎஃப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இப்போது அங்கே வேலை செய்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் வட்டத்தில் இருப்பார்கள். கோயிலிலோ சந்தையிலோ விசாரித்தால் ஆள் கிடைத்துவிடும். அவரிடம் “கம்பெனி எப்படி?” என்று கேட்காதீர்கள். போனில் ஐ-அக்கவுன் திறந்து, கடந்த ஆறு மாதப் பணம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் மகளின் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 சதவீதம், 260 ரிங்கிட். மகளிடம் பிடிப்பது 11 சதவீதம், 220. மாதம் 480 ஏற வேண்டும்.

என் தம்பி முன்பு வேலை பார்த்த இடத்தில் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்தம் இருந்தது. கணக்கைத் திறந்தால் ஏழு மாதம் காலி. அதனால்தான் சீட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம் என்கிறேன்.

ஆறு மாதமும் ஒழுங்காக ஏறியிருந்தால், அந்தப் புகார்கள் பழைய கதையாக இருக்கலாம், அனுப்புங்கள். நடுவில் மாதங்கள் விட்டிருந்தால் அனுப்ப வேண்டாம். எதுவானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளத் தேதி நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.