குஷனைத் தராசில் வைத்துப் பாருங்கள்

கேள்வி: மூணு சீட்டர் சோபா ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். 40 டென்சிட்டி ஃபோம், சால் மர ஃபிரேம்னு கடைக்காரர் சொல்றார். எல்லாம் துணிக்குள்ள இருக்கு. நிஜமான்னு எப்படிப் பார்க்கிறது? – ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: போன மாசம் என் நாத்தனாருக்காகப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கேயும் இதே பேச்சுதான்.

"ஒக்காந்து பாருக்கா. கல்லு மாதிரி இருக்கும். 40 டென்சிட்டி."

"கல்லு மாதிரி இருந்தா டென்சிட்டி அதிகம்னு ஆயிடுமாண்ணே?"

அவர் சிரித்தார். விஷயம் அவருக்கும் தெரியும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான் டென்சிட்டி. அழுத்தினால் கெட்டியாக இருப்பது வேறு கணக்கு. எடை குறைந்த ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்கலாம். கடையில் உட்காரும்போது ஜோராக இருக்கும், கொஞ்ச நாளில் நடுவில் குழி விழும். அதனால் கையால் அமுக்கிப் பார்த்து டென்சிட்டி சொல்ல முடியாது. எடை போட்டால் சொல்லலாம்.

"ஜிப்பைத் தொறந்து ஒரு ஃபோமை வெளிய எடுங்கண்ணே."

"எதுக்குக்கா?"

"பக்கத்துல பழைய பேப்பர் கடை இருக்குல்ல, அங்க தராசு இருக்கும்."

முகம் சுளித்தாலும் எடுத்துக் கொடுத்தார். டேப் வைத்து அளந்தேன். நீளம் 24 அங்குலம், அகலம் 24, கனம் 5. மூன்றையும் பெருக்கினால் 2,880. அதை 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும்: 0.047. அதை 40-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.9 கிலோ. அவர் சொன்னது நிஜமானால் தராசு அதைத்தான் காட்ட வேண்டும். காட்டியது 1.4 கிலோ. அதாவது டென்சிட்டி 30-க்குப் பக்கம்.

"எனக்கு 32-ன்னுதான் குடுத்தாங்கக்கா" என்றார். 40 எப்போது 32 ஆனது என்று நான் கேட்கவில்லை.

எடை சரியாக இருந்தாலும் ஃபோமைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பல நிறத்தில் துண்டு துண்டாக ஒட்டியிருந்தால் அது ரீபாண்டட், கழிவு ஃபோமை அரைத்து அழுத்தியது. எடை நிறைய இருக்கும், ஆனால் நீங்கள் கேட்ட சரக்கு அதுவல்ல. சில மலிவு ஃபோமில் எடை கூட்டச் சுண்ணாம்புத் தூள் கலப்பதும் உண்டு. வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். குஷன் சோபாவோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் இந்த எடைக் கணக்கு செல்லாது. ஆர்டர் கொடுத்துச் செய்யும் கடையானால், துணி போர்த்தும் முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து ஃபிரேம். சோபாவின் முன்பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் அரையடி தூக்கினேன். ஃபிரேம் உறுதியாக இருந்தால் அதற்குள் அடுத்த முன்காலும் தரையை விட்டு எழும்பியிருக்கும். இங்கே அந்தக் கால் அசையவில்லை; உள்ளே 'கிரீச்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஃபிரேம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

"கவுத்துப் போடுங்கண்ணே. அடியில அந்தக் கறுப்புத் துணியில ரெண்டு பின்னை மட்டும் கழட்டுங்க."

செல்போன் டார்ச்சை அடித்தேன். முன்பட்டை சிவந்த, கனமான மரம். பின்னால் எல்லாம் வெளிறிய, கணு நிறைந்த பலகை.

"இது சால் மரமாண்ணே?"

"முன்னாடி சால்தான்கா. பின்னாடி பேக்கிங் மரம்."

மூலைகளில் முக்கோணக் கட்டை இல்லை, பசை இல்லை, ஸ்க்ரூ இல்லை. ஆணியும் ஸ்டேப்ளர் பின்னும்தான். ஆள் உட்கார்ந்து எழ எழ ஆணி தளரும், நான் கேட்ட 'கிரீச்' அங்கேயிருந்துதான் வந்தது.

அவரே உள்ளே கூட்டிப் போய் வேறொன்றைக் காட்டினார். விலை நாலாயிரம் கூட. மூலையைத் தூக்கியதும் மறுகாலும் கூடவே எழுந்தது. குஷன் அதே அளவு, எடை 1.85 கிலோ. கால்களை மட்டும் ஆறு அங்குலமாக மாற்றித் தரச் சொன்னேன். நம் பக்கத்து மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவது புதுசில்லையே.

"பில்லுல 'சோபா 1'-ன்னு மட்டும் போடாதீங்கண்ணே. 40 டென்சிட்டி, ஃபிரேம் முழுக்க சால், வாரண்டி இத்தனை வருஷம், எல்லாத்தையும் எழுதிச் சீல் போடுங்க."

"நம்பிக்கை இல்லியாக்கா?"

"நம்பிக்கை இருக்குண்ணே. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போட்டுப் புகார் சொல்ற நிலைமை வந்தா, அவங்க பில்லைத்தானே கேப்பாங்க?"

எழுதினார். 'முழுக்க' என்ற வார்த்தையை விட்டுவிட்டார். திருப்பிக் கொடுத்து அதையும் எழுத வைத்தோம்.